எபிட்டாவுக்குத் தமிழில் என்ன சொல்வது?

செல்வி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். சிறு தொழில் நடத்துபவர்கள் வரவு செலவு அறிக்கையைத் தாங்களே படித்துப் புரிந்துகொள்ள ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். நிகர இலாபம், நடைமுறை மூலதனம் எல்லாவற்றுக்கும் பாடநூல் சொற்களே போதுமானவையாக இருந்தன. எபிட்டாவில் வந்து நின்றுவிட்டேன். வட்டி, வரி, தேய்மானம், அதோடு அமார்டைசேஷன், இந்த நான்கையும் கழிப்பதற்கு முன் உள்ள இலாபம் என்று விளக்கலாம். ஆனால் அது விளக்கம்தான், சொல் இல்லை. முதலெழுத்துகளைக் கோத்துப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. பாஸ்கர் "ரொக்க இலாபம்" என்று தனிமடலில் சொன்னார். எளிமையாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

பாஸ்கர் எழுதியது:

நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். தேய்மானம் என்று யாருக்கும் நாம் காசு கொடுப்பதில்லை, அது ஏட்டில் எழுதும் செலவு. அதைத் திரும்பக் கூட்டினால் கையில் வந்த காசு தெரிந்துவிடும். அமார்டைசேஷன் என்பது கடன் தவணை, அதையும் கூட்டிக்கொள்கிறோம். ஆகவே ரொக்க இலாபம்.

இராமநாதன் எழுதியது:

பாஸ்கர், முதல் பாதி சரி. தேய்மானத்துக்கு அந்த ஆண்டில் காசு வெளியே போவதில்லை. இரண்டாவது பாதியைத் திருத்த வேண்டும். வீட்டுக்கடன் அட்டவணையில் அமார்டைசேஷன் என்றால் அசலை அடைப்பது. எபிட்டாவில் வரும் அமார்டைசேஷன் வேறு. ஐந்தாண்டு உரிமத்தோடு ஒரு மென்பொருளை 10 லட்சத்துக்கு வாங்கினால் ஆண்டுக்கு 2 லட்சமாகச் செலவில் எழுதுகிறோமே, அது. கடனின் அசல் இலாபக் கணக்குப் பக்கமே வருவதில்லை. வராததைத் திரும்பக் கூட்டவும் முடியாது.

இனி ரொக்கம். வங்கியில் கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் இந்தச் சொல்லைக் கேட்டதும் பதறிவிட்டேன். நான் பார்த்த மாதிரியான ஒரு நூல் மில் கணக்கை எண்களை வட்டமாக்கிச் சொல்கிறேன். விற்பனை 40 கோடி. பஞ்சு, கூலி, மின்சாரம், மற்ற செலவெல்லாம் 34 கோடி. எபிட்டா 6 கோடி. தேய்மானம் இரண்டரைக் கோடியும் வட்டி 2.2 கோடியும் போக 1.3 கோடி மிச்சம், அதற்கு வரி 30 லட்சம். முதலாளி 6 கோடியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

காசு எங்கே போனது என்று பாருங்கள். பின்னால் விலை ஏறும் என்று பயந்து, வரத்துக் காலத்திலேயே பஞ்சை முன்கூட்டியே வாங்கிக் கிடங்கில் அடுக்கிவிட்டார். போன ஆண்டைவிடச் சரக்கிருப்பு 2 கோடி கூடிவிட்டது. நூல் வாங்கியவர்கள் 45 நாளில் கொடுத்ததை 60 நாளாக இழுத்தார்கள், அதில் ஒன்றரைக் கோடி நின்றுபோனது. 6 கோடியில் இந்த மூன்றரைக் கோடியையும் வரியையும் எடுத்தால் 2.2 கோடி. வட்டியும் 2.2 கோடி. கையில் ஒன்றுமில்லை. இன்னும் அசல் தவணை 1.8 கோடி கட்ட வேண்டும், பழைய ரிங் ஃபிரேம் நூற்பு இயந்திரங்கள் சிலவற்றை மாற்ற ஒரு கோடி வேண்டும். இந்த 2.8 கோடிக்கும் கேஷ் கிரெடிட் வரம்பைக் கூட்டித் தரச்சொல்லி எங்களிடம்தான் வந்தார். எபிட்டா 6 கோடி இருக்கும்போது கடன் எதற்கு என்று அவருக்கே விளங்கவில்லை. இந்த எண்ணுக்கு ரொக்க இலாபம் என்று பெயர் வைத்தால் அந்த மயக்கத்தை நாமே அச்சடித்துக் கொடுத்தது போலாகும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எபிட்டா வீணான எண் இல்லை. ஒரே ஊரில் இரண்டு மில்கள், ஒன்று கடன் வாங்கிப் புது இயந்திரம் போட்டது, மற்றொன்று சொந்தக் காசில் பழைய இயந்திரத்தை ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ நூலை நூற்பதில் யார் கெட்டிக்காரர் என்று தோராயமாக ஒப்பிட அது உதவும். தோராயம் என்பதை மறந்துவிட்டால்தான் தொல்லை.

கருப்பசாமி எழுதியது:

ஐயா, நான் திருப்பூரில் நிட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறேன். இந்த விவாதம் எனக்கு இப்போது தேவையானது. பக்கத்து யூனிட் ஒன்று விலைக்கு வருகிறது, பன்னிரண்டு மெஷின். எபிட்டா 30 லட்சம், அதற்கு ஐந்து மடங்கு ஒன்றரைக் கோடி தாருங்கள் என்கிறார் உரிமையாளர். அப்படியானால் ஐந்து வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்றுதானே அர்த்தம்? வருமானவரிக் கணக்கிலும் இந்த எபிட்டாவைத்தான் காட்ட வேண்டுமா?

செல்வி எழுதியது:

கருப்பசாமி அண்ணா, நாங்கள் பேசுவது சொல்லைப் பற்றி. இருந்தாலும் உங்கள் கேள்விதான் என் கையேட்டு வாசகரின் கேள்வி. இராமநாதன் ஐயா சொல்லட்டும்.

இராமநாதன் எழுதியது:

வரிக்கணக்கில் அது வராது, அங்கே தேய்மானத்தைக் கழித்துத்தான் காட்டுவோம். ஐந்து வருடத்தில் காசு திரும்பும் என்பதும் இல்லை. தம்பி, அந்த யூனிட்டில் யார் வேலை பார்க்கிறார்கள், கட்டடம் யாருடையது, ஊசிக்கு என்ன செலவு, இந்த மூன்றையும் விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

தர்ஷினி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் நிகர இலாபத்தைத் தேறிய இலாபம் என்போம், தேய்மானத்தைப் பெறுமானத் தேய்வு என்போம். உங்கள் சிக்கலுக்கு இந்தச் சொல் உதவும் போலத் தெரியுது. தேய்மானம் என்றால் இயந்திரம் உரசித் தேய்வதுதான் மனதில் வரும், மென்பொருள் உரிமம் எப்படித் தேயும் என்று மாணவர் கேட்பினம். பெறுமானத் தேய்வு என்றால் தேய்வது பொருளல்ல, அதன் பெறுமானம். இயந்திரத்துக்கும் பொருந்தும், உரிமத்துக்கும் பொருந்தும். அப்ப நான்கு சொல்லில் இரண்டு ஒன்றாகிவிடும்.

இராமநாதன் எழுதியது:

அருமை, அம்மா. இதே வழியில் இன்னும் ஒரு படி போகலாம். இயக்க இலாபம் என்று சொன்னாலே வட்டியும் வரியும் அதற்கு வெளியே நிற்பவை. அந்த இரண்டையும் பெயரில் சுமக்க வேண்டியதில்லை. மீதி இருப்பது தேய்வு மட்டும். "தேய்வுமுன் இயக்க இலாபம்" என்று வைக்கலாமா? எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

பாஸ்கர் எழுதியது:

ரொக்கத்தைக் கைவிடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். தேய்மானத்தை விலக்குவது அவ்வளவு பெரிய குறையா? மெஷினுக்குக் கொடுத்த காசு கொடுத்ததுதானே, இனி அது நடக்கப்போகும் தொழிலைப் பாதிக்காதே.

இராமநாதன் எழுதியது:

மெஷின் ஒருமுறை வாங்கினால் என்றைக்கும் ஓடும் என்றால் நீங்கள் சொல்வது சரி. நான் சொன்ன மில்லில் ஆண்டுத் தேய்மானம் இரண்டரைக் கோடி. அதைச் செலவே இல்லை என்று நினைத்துப் பங்காளிகள் எடுத்துக்கொண்டே போனால், மெஷின் மாற்ற வேண்டிய நாளில் மறுபடி கடன்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஒரு செலவை முதலினச் செலவு என்று எழுதிவிட்டால் அது இயக்கச் செலவிலிருந்து மறைந்து சொத்தில் ஏறிவிடும். பிறகு தேய்மானமாக மெல்ல மெல்ல இறங்கும், நிகர இலாபம் என்றாவது ஒருநாள் அதைச் சுமந்தே தீரும். எபிட்டா அதை என்றைக்குமே சுமக்காது. அமெரிக்காவில் வேர்ல்டுகாம் என்ற தொலைபேசி நிறுவனம் செய்தது இதைத்தான். பிற நிறுவனங்களின் கம்பித்தடங்களைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணம் மாதாமாதம் போகும் சாதாரணச் செலவு. அதை 2001லும் 2002இன் முதல் காலாண்டிலும் சொத்துக் கணக்குக்கு மாற்றி எழுதினார்கள். சிந்தியா கூப்பர் தலைமையிலிருந்த உள்தணிக்கைக் குழு அதைத் தோண்டி எடுத்தது. 2002 ஜூனில் நிறுவனமே ஒப்புக்கொண்ட தொகை 380 கோடி டாலருக்கு மேல், அடுத்த மாதம் திவால் மனு. சொத்தாக எழுதிய தொகை கூடிக்கொண்டே போகும்போது அதற்கு ஈடாகக் கண்ணுக்குத் தெரியும் கருவி ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்பதுதான் இதைக் கண்டுபிடிக்கும் வழி.

கருப்பசாமி எழுதியது:

ஐயா, நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உரிமையாளரும் அவர் மகனும் இரண்டு ஷிப்டும் நின்று பார்க்கிறார்கள், சம்பளம் எழுதுவதில்லை. அந்த வேலைக்கு நான் ஆள் போட்டால் ஆளுக்கு மாதம் நாற்பதாயிரம், வருடத்துக்கு 9.6 லட்சம். ஷெட் அவருடையது, விற்ற பிறகு எனக்கு மாதம் முப்பத்தைந்தாயிரம் வாடகைக்கு விடுவாராம், அது 4.2 லட்சம்.

ஊசி விஷயம் நீங்கள் கேட்காவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது. 30 இஞ்ச் விட்டம், 24 கேஜ் மெஷினில் இரண்டாயிரத்து இருநூறுக்கு மேல் ஊசி. தேய்ந்துவிட்டால் துணியில் நெடுக்குக் கோடு விழும், பார்ட்டி துணியைத் திருப்பி அனுப்பிவிடுவான், செட் முழுவதையும் மாற்றத்தான் வேண்டும். என் கணக்கில் அது செலவு. அவர் ஏட்டில் போன வருட ஊசி பில் 3 லட்சம் மெஷின் கணக்கில் ஏறியிருக்கிறது. ஏமாற்ற எழுதியதாகத் தெரியவில்லை, கணக்குப் பிள்ளை அப்படி எழுதிப் பழகிவிட்டார். எல்லாம் கழித்தால் 30 லட்சம் 13.2 லட்சமாகிறது.

தர்ஷினி எழுதியது:

வாடகை பற்றி ஒன்று. பெரிய நிறுவனங்களில் இது மறுபக்கமாக நடக்குது. சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலை 16 வந்த பிறகு நீண்டகால வாடகையைப் பயன்பாட்டு உரிமை என்று சொத்தாக எழுதி, தேய்வாகவும் வட்டியாகவும் பிரிக்கினம். இரண்டும் எபிட்டாவுக்குக் கீழே போய்விடும். கடைக்காரர் அதே வாடகையைத்தான் கட்டுறார், எபிட்டா மட்டும் உயர்ந்துவிடும்.

இராமநாதன் எழுதியது:

ஆமாம், இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் அதே மாதிரி, 116ஆம் தரநிலை. அந்த ஆண்டையும் அதற்கு முந்தைய ஆண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்கள் பலர் ஏமாந்தார்கள். கருப்பசாமி, உங்கள் யூனிட்டுக்கு அந்தத் தரநிலை வராது, வாடகை முழுவதையும் கழித்துவிடுங்கள். அந்த 13.2 லட்சத்திலும் தேய்மானமும் வரியும் இன்னும் போகவில்லை.

நஸீமா எழுதியது:

தணிக்கை அலுவலகத்தில் இருக்கிறேன். சொல் அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு தடை உண்டு. எபிட்டா நிகர இலாபத்திலிருந்து மேலே ஏறி வரும் எண். வைப்புத்தொகை வட்டி, பழைய மெஷினை விற்ற இலாபம் போன்ற இதர வருமானமும் அதில் ஒட்டிக்கொண்டு வரலாம். அவை இயக்க இலாபம் ஆகாது. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையமும் நிகர இலாபத்திலிருந்து தொடங்காவிட்டாலோ, வேறெதையாவது சேர்த்தாலோ நீக்கினாலோ அதை வெறும் எபிட்டா என்று எழுதக்கூடாது, திருத்திய எபிட்டா என்று எழுத வேண்டும் என்கிறது. ஆகவே "தேய்வுமுன் இயக்க இலாபம்" என்றால் இதர வருமானத்தை நீக்கியது என்ற பொருள் வந்துவிடும். நம் நிறுவனங்களில் சிலர் சேர்க்கிறார்கள், சிலர் நீக்குகிறார்கள்.

இராமநாதன் எழுதியது:

தடை நியாயமானது. வங்கியில் நாங்கள் இதர வருமானத்தை எடுத்துவிட்டுத்தான் பார்ப்போம், அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். "தேய்வுமுன் இலாபம்" என்று சுருக்கினால் வட்டியும் வரியும் கழித்தது போலத் தோன்றும். இதற்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

செல்வி எழுதியது:

கையேட்டில் முதல் இடத்தில் "தேய்வுமுன் இயக்க இலாபம்" என்று எழுதி, எபிட்டா என்று வழங்குவது இதைத்தான் என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். கணக்கு எடுத்துக்காட்டில் இதர வருமானத்தை நீக்கியே காட்டுவேன். இதர வருமானத்தோடு வருவதற்கு வேறு சொல் யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன்பின் அச்சுக்குப் போய்விடும். கருப்பசாமி அண்ணா, பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு உங்கள் யூனிட் கணக்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாமா?

கருப்பசாமி எழுதியது:

தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருட ஊசி பில்லையும் கேட்டிருக்கிறேன், வந்ததும் அனுப்புகிறேன்.