திருமூலர் 3000 ஆண்டு வாழ்ந்தாரா?

காவிரிக்கரை: திருவாவடுதுறை போயிருந்தேன். திருமூலர் அங்கே அரசமரத்தடியில் 3000 வருடம் இருந்து, வருடத்துக்கு ஒரு பாட்டாகத் திருமந்திரம் பாடினார் என்றார்கள். நடந்திருக்குமா?

சிவநேசன்: ஏன் நடக்காது? மூச்சை அடக்கிய யோகியை நம் ஆயுளை வைத்து அளக்கலாமா? சேக்கிழாரே பெரியபுராணத்தில் சொல்கிறார்.

ஏட்டுச்சுவடி: சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டு, ஐயா. அவருக்கு முன்னே சுந்தரர் ‘நம்பிரான் திருமூலன்’ என்றதோடு நிறுத்திவிட்டார். ஆண்டுக் கணக்கு இல்லை. நூலுக்குள் வருவது ‘மூலன் உரைசெய்த மூவாயிரந் தமிழ்’. அது பாட்டின் எண்ணிக்கை. தாம் இருந்த காலத்தைச் சொல்லும்போது அவர் ‘ஒப்பில் எழுகோடி யுகமிருந்தேனே’ என்கிறார். அதை யாரும் வருடமாக எண்ணுவதில்லை. பாட்டின் எண்ணிக்கையே பின்னால் வயதாக மாறியது என்பது என் முடிவு.

மதுரைப்பெண்: எங்கள் பாட்டி பிங்கள வருடம் பிறந்தவர், 1997இல் இறந்தார். ஊரில் 140 வயது என்றே பேச்சு. பிங்கள 1857இலும் வரும், 1917இலும் வரும். பாட்டி பெற்ற கடைசிப் பிள்ளை என் அப்பா, 1950இல் பிறந்தவர். 93 வயதில் யார் பிள்ளை பெறுவார்? அப்போது பாட்டிக்கு 80தான். சித்தர் விஷயத்திலும் இப்படி அறுபது அறுபதாகக் கூடியிருக்குமோ?

ஏட்டுச்சுவடி: உங்கள் பாட்டிக்கு அது சரி, அம்மா. இங்கே பிறந்த வருடமே சொல்லப்படவில்லையே.

தமிழ்மாணவன்: மொழியைப் பாருங்கள். ‘நான் பெற்ற இன்பம்’ என்கிறார். பழைய சங்கப் பாட்டில் ‘யான்’தான். பழைய பாட்டு ஒன்றுகூட இல்லை என்று இதிலேயே தெரிகிறதே.

ஏட்டுச்சுவடி: அந்தச் சொல் தாங்காது, தம்பி. அடுத்த அடிகள் ‘வான்பற்றி’, ‘ஊன்பற்றி’ என்று போகின்றன. அங்கே ‘யான்’ வைத்தாலும் எதுகை கெடாது. ஏடு எழுதியவர் மாற்றியிருக்கலாம். யாப்பைப் பாருங்கள். புறநானூறும் குறுந்தொகையும் பெரும்பாலும் ஆசிரியப்பா. திருமந்திரம் முழுக்க நாலடிக் கலிவிருத்தமாக ஓடுகிறது. ஒரு சொல்லை மாற்றுவதுபோல் 3000 பாட்டின் யாப்பை மாற்றிவிட முடியாது. 3000 வருடம் பாடியவர் என்றால் தொடக்கப் பாட்டுகள் வேறு நடையில் இருந்திருக்க வேண்டும்.

சிவநேசன்: ‘இருந்தேன் இக்காயத்தே எண்ணிலி கோடி’ என்கிறாரே. இந்த உடம்பிலேயே என்றுதானே பொருள்?

ஏட்டுச்சுவடி: அடுத்த அடியையும் படியுங்கள்: ‘இருந்தேன் இராப்பகல் அற்ற இடத்தே’. இரவும் பகலும் இல்லாத இடத்தில் வருடத்தை எதை வைத்து எண்ணுவது?

சிவநேசன்: அப்படியானால் அவர் காலத்தைக் கடந்தார் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள். எனக்கு அது போதும்.

ஏட்டுச்சுவடி: அனுபவத்தைப் பாடினார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உடம்பு 3000 வருடம் கிடந்தது என்பதை இல்லை.

காவிரிக்கரை: என் கையில் உள்ள பதிப்பில் 3000க்கு மேல் நாற்பது பாட்டுக்கும் கூடுதலாக இருக்கிறதே, ஐயா. எவை பின்னால் சேர்ந்தவை என்று யாராவது பிரித்துக் காட்ட முடியுமா?