கல்விக் கடன்: தவணை தொடங்கும் நாளில் அசல் எவ்வளவு?

வணக்கம். தம்பியின் கல்விக் கடன் கணக்கை எக்செலில் எழுதி வருகிறேன். வங்கி தந்த பட்டுவாடா அட்டவணையில் ஓர் இடத்தில் நிற்கிறேன்.

2 லட்சம் 2024 ஆகஸ்ட் 1-இல், இன்னொரு 2 லட்சம் 2025 ஆகஸ்ட் 1-இல். வட்டி 9 சதவீதம், 2027 ஜூலை 31 வரை தவணை கிடையாது. பணம் வந்த நாளிலிருந்துதான் வட்டி என்பதால் முதல் தொகைக்கு மூன்று வருடம் 54,000, இரண்டாவதற்கு இரண்டு வருடம் 36,000, ஆக 90,000. முதல் தொகைக்கு ஒவ்வொரு வருடமும் அதே 18,000 காட்டியிருப்பதால் இது தனிவட்டி என்று எடுத்துக்கொண்டேன். கூட்டுவட்டியாக இருந்தால் இரண்டாம் வருடமே ஏறியிருக்கும்.

மாதாமாதம் வட்டியைச் செலவிலும், 'கொடுபட வேண்டிய வட்டி'யிலும் எழுதுகிறேன். அட்டவணையில் 2027 ஆகஸ்ட் ஆரம்ப நிலுவை 4,90,000 என்று இருக்கிறது. அப்படியானால் அந்த 90,000-ஐ ஜூலை 31-இல் அசலோடு சேர்த்துவிட வேண்டும், முதல் தவணையின் வட்டியும் 4,90,000-க்குத்தான். சரிதானா?

அப்புறம், இரண்டாம் தொகை உண்மையில் ஆகஸ்ட் 20-இல்தான் கல்லூரிக்குப் போனது. 19 நாள் வட்டி, சுமார் 937, குறைய வேண்டும். அட்டவணை பழைய தேதியிலேயே நிற்கிறது. நான் கடன் ஸ்டேட்மென்ட் தேதியை வைத்தே எழுதியிருக்கிறேன். திருத்திய அட்டவணையை இப்போதே கேட்டு வாங்க வேண்டுமா, தவணை தொடங்கும்போது வங்கியே தொகையைத் திரும்பக் கணக்கிடுமா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.