கட்டி இல்லாத பெரும்போக்கு: உள்சவ்வைச் சுடுவதா, ஹார்மோன் காயிலா?

பூரணி: வயது 44. இரண்டும் சிசேரியன். இரண்டாவதிலேயே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகிவிட்டது. ஒன்றரை வருஷமாக மாதம் எட்டு நாள் போகிறது, உறைகட்டியாக. ஹீமோகுளோபின் 8.4. ஸ்கேனில் ஃபைப்ராய்டு கட்டி இல்லை. கர்ப்பப்பை உள்சவ்வைச் சூடு வைத்து அழிக்கிற அபிலேஷன், இல்லை கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் காயில் வைப்பது, வீட்டில் பேசிவிட்டு வாங்க என்கிறார் டாக்டர். எது நல்லது?

கணக்கர்: அபிலேஷன்தான், யோசிக்கவே வேண்டாம். சூடு வைக்கிற நேரம் சில நிமிஷம்தான், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு 2021இல் வந்தது, 270 பெண்கள். இரண்டு வருஷத்துக்குள் காயில் வைத்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு ஆபரேஷனுக்குப் போனார்கள். அபிலேஷன் பக்கம் பத்தில் ஒருவர்தான். போதாததற்கு காயிலில் இருக்கிற ஹார்மோன் உடம்பெல்லாம் பரவி எடை போடும்.

செல்வி: எனக்கும் காயில் வைத்தார்கள், மூன்றாம் மாதமே விழுந்துவிட்டது. 4 செ.மீ. ஃபைப்ராய்டு உள்பக்கமாகத் துருத்திக்கொண்டு இருந்தது. காயில் வேஸ்ட்.

மலர்_மகப்பேறு: செல்வி, உங்களுடையது வேறு கதை. உள்ளறையின் வடிவத்தையே கட்டி மாற்றியிருந்தால் காயில் நிற்க இடம் கிடையாது. பூரணிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கணக்கர் சார் சொன்ன ஆய்வு உண்மை. ரத்தத்தைக் குறைப்பதில் அபிலேஷன் ஒரு படி மேலேதான். ஆனால் காயில் ஒத்துவராவிட்டால் உருவி எடுத்துவிட்டு அடுத்தது அபிலேஷனுக்கே போகலாம். அபிலேஷன் தோற்றால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுப்பதுதான். எடை விஷயம்: காயில் ஒரு நாளைக்கு விடுவது சுமார் 20 மைக்ரோகிராம், அதுவும் கர்ப்பப்பைக்குள். சாதாரண கருத்தடை மாத்திரை பலவற்றில் இதே ஹார்மோன் 150 மைக்ரோகிராம் இருக்கும். முகப்பரு, மார்பு வலி சிலருக்கு வரும், மறுக்கவில்லை.

நான் தயங்குவது பூரணி இரண்டாவது வரியில் எழுதியதால். கருக்குழாயைக் கட்டியிருக்கிறார்கள். அபிலேஷன் சூடு நடுப்பகுதியில் நன்றாகப் படும், குழாய் ஆரம்பிக்கிற இரண்டு மூலைகளிலும் குறைவாகப் படும். அங்கே கொஞ்சம் சவ்வு தப்பிப் பிழைத்தால் மாதாமாதம் அது ரத்தம் விடும். கீழே தழும்பு ஒட்டிக்கொண்டு வழியை அடைத்திருக்கும், மேலே குழாயைக் கட்டியாகிவிட்டது. அந்த ரத்தம் எங்கே போகும்? மூலையிலேயே தேங்கி, ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ அடிவயிற்றில் சுருட்டிப் பிடிக்கும். சிலருக்கு மாதங்களில், சிலருக்கு வருஷங்கள் கழித்து.

கணக்கர்: எல்லோருக்குமா வருகிறது?

மலர்_மகப்பேறு: இல்லை, சிலருக்குத்தான். சிக்கல் என்னவென்றால் வெளியே ரத்தமே வராது. “அபிலேஷன் பிரமாதமாக வேலை செய்தது” என்று சொல்லிவிட்டு, வயிற்று வலிக்கு கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். மாதம் ஒருமுறை ஒழுங்காக வருகிற வலி என்றால் சந்தேகப்படணும். வலி இருக்கும் நாளிலேயே ஸ்கேன் எடுத்தால்தான் மூலையில் தேங்கிய ரத்தம் தெரியும், பத்து நாள் கழித்துப் போனால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கடைசியில் பலருக்குக் கர்ப்பப்பையையும் குழாயையும் எடுக்க வேண்டி வருகிறது. தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், அதனால் இங்கே அபிலேஷன் பேசும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வியே இதுதான்.

தியேட்டர்_சிஸ்டர்: மேடம், காயிலை ரொம்பத் தூக்கிப் பேசாதீங்க. போட்டுவிட்ட பிறகு நடப்பதை நாங்கள்தான் பார்க்கிறோம். முதல் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அளவு குறைவுதான், நாள் கணக்கு அதிகம். அதை முன்னாடியே சொல்லாவிட்டால் இரண்டாம் மாதமே “எடுத்துடுங்க சிஸ்டர்” என்று வந்து நிற்பார்கள். நிறையப் பேர் காயில் தோற்றது என்பது இதைத்தான்.

நிஜமாகவே தோற்பதும் உண்டு. பெரும்போக்கு இருக்கிறவர்களுக்கு உறைகட்டியோடு காயிலும் சேர்ந்து வெளியே போய்விடும், கழிப்பறையில் தெரியாமலே போய்விடலாம். குறைந்த ரத்தம் திடீரென்று பழையபடி கொட்டினால், அல்லது காயிலின் நூல் நீளமாகக் கைக்குத் தட்டுப்பட்டால், இல்லை நூலே காணோம் என்றால் உடனே ஸ்கேன். ஆறு வாரத்தில் ஒருமுறை நூலைப் பார்த்துக்கணும். இரண்டும் சிசேரியன் என்பதால் கர்ப்பப்பை வாய் குறுகலாக இருக்கலாம், வெளிநோயாளிப் பிரிவில் போட்டால் வலிக்கும்.

கணக்கர்: அதைத்தானே நானும் சொல்கிறேன். இன்னொன்று, வயது 44. நம் ஊரில் சராசரி 46, 47இல் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அபிலேஷன் அதுவரை தாங்கினால் போதுமே. அமெரிக்காவில் 2008இல் வந்த ஆய்விலும் இளம் வயதில் செய்தவர்களுக்குத்தான் பின்னால் கர்ப்பப்பையை எடுக்க நேர்ந்தது.

மலர்_மகப்பேறு: அதே ஆய்வில்தான் 40க்குக் கீழே செய்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் எட்டு வருஷத்தில் கர்ப்பப்பை எடுக்க நேர்ந்தது. 45க்கு மேல் கணிசமாகக் குறைவு. இவர் 44, எல்லைக்கோட்டில் நிற்கிறார், உங்கள் வாதத்துக்கு அந்த அளவு இடம் உண்டு. பூரணி, வலி எப்படி? ஸ்கேன் ரிப்போர்ட்டில் கர்ப்பப்பை ‘பல்கி’, அதாவது பருத்திருக்கிறது, என்று ஏதாவது எழுதியிருக்கா?

பூரணி: மூன்று நாள் முதுகு வரைக்கும் வலி. முன்பு இப்படி இல்லை. ரிப்போர்ட்டில் ‘மைல்ட்லி பல்கி யூட்ரஸ்’ என்று இருக்கு. அதை யாரும் விளக்கவில்லை.

மலர்_மகப்பேறு: அப்படியென்றால் அடினோமயோசிஸ் இருக்கலாம். சவ்வு தசைக்குள்ளேயே புகுந்திருக்கும் நிலை. அபிலேஷன் மேல்பரப்பைத்தான் சுடும், தசைக்குள் ஆழமாக இருப்பதை எட்டாது, வலி அப்படியே இருந்துவிடும். காயிலின் ஹார்மோன் ரத்தம், வலி இரண்டையும் குறைக்கும். பிரிட்டனின் நைஸ் மருத்துவ வழிகாட்டி 2018இல் கட்டி இல்லாதவர்களுக்கும் அடினோமயோசிஸ் உள்ளவர்களுக்கும் காயிலைத்தான் முதலில் யோசிக்கச் சொன்னது. இந்த ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். யோனி வழி ஸ்கேனில் தசைச் சுவரையும் சிசேரியன் தழும்பையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். தழும்பு மெலிந்திருந்தால் சூடு சுவரைத் தாண்டி மூத்திரப்பை பக்கம் போகக்கூடும், அபிலேஷன் அங்கேயே கதை முடிந்தது.

கணக்கர்: வலி இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு அழுத்திப் பேசியிருக்க மாட்டேன். ஆனால் பல்கி என்று எழுதிய ரிப்போர்ட்டெல்லாம் அடினோமயோசிஸ் ஆகிவிடாது மேடம். இரண்டு பிள்ளை பெற்றாலே பல்கி என்றுதான் எழுதுகிறார்கள்.

மலர்_மகப்பேறு: அது சரி. அதனால்தான் மறு ஸ்கேன்.

தியேட்டர்_சிஸ்டர்: பூரணி அக்கா, எந்தப் பக்கம் போனாலும் சவ்வில் துண்டு எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி எடுக்காமல் அபிலேஷனுக்கு ஒத்துக்காதீங்க. சவ்வில் மாற்றம் இருந்து அதைச் சுட்டுவிட்டால் பின்னால் தழும்புக்கு நடுவே துண்டு எடுத்துப் பார்ப்பதே கஷ்டம். கேமரா விட்டுப் பார்ப்பது, பயாப்ஸி எடுப்பது, காயில் வைப்பது மூன்றையும் ஒரே மயக்கத்தில் முடித்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்க, குறுகலான வாய்க்கு அதுதான் வசதி. அதுக்கு முன்னாடி 8.4ஐத் தூக்கணும். இரும்பு மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கலைன்னா ஊசியாக ஏற்றலாம். ரத்தம் போகிற நாளில் மட்டும் போக்கைக் குறைக்கிற டிரானெக்சாமிக் மாத்திரை எடுக்கலாமா என்று கேளுங்க. காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் அதை மறைக்காமல் சொல்லிடுங்க.

பூரணி: வியாழன் யோனி வழி ஸ்கேனுக்கு எழுதி வாங்கியிருக்கிறேன். தழும்பின் தடிமன், தசைச் சுவர், இரண்டையும் எழுதித் தரச் சொல்கிறேன். ரிப்போர்ட்டை இங்கே போடுகிறேன்.

கணக்கர்: சுவரில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நான் மறுபடி அபிலேஷனுக்கே வாதாடுவேன்.

மலர்_மகப்பேறு: வாதாடுங்க. குழாய் கட்டியது கட்டியதுதான், அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு.