உதவி: ஒற்றையடிப்பாதையின் நீளம் வரைபடத்தில் குறைவாக வருகிறது

துருசடி:
ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் ஊரிலிருந்து குளக்கட்டு வழியாகப் பிரதான வீதிக்கு வரும் பாதைக்குக் கிரவல் கேட்டுக் கடிதம் எழுதுகிறோம். கணினியில் கூகுள் வரைபடத்தைத் திறந்து, வலது பொத்தானை அழுத்தி, `Measure distance` கொடுத்து ஒன்பது இடங்களில் சொடுக்கினேன். 1.42 கிலோமீற்றர் என்கிறது. நடந்தால் அதைவிட நீளம் என்று ஊரே சொல்கிறது. எங்கே பிழை?

மாங்குளத்தான்:
வரைபடம் தட்டையானது, தம்பி. குளக்கட்டில் ஏறி இறங்குவதை அது கணக்கெடுக்காது. அதுதான் காரணம்.

குளக்கட்டான்:
ஏற்றத்தைக் கணக்கெடுக்காது என்பது சரி, அண்ணா. ஆனால் நூறு மீற்றரில் ஐந்து மீற்றர் ஏறினாலும் கூடுவது ஒரு சாண் கூட இல்லை. வன்னியில் அவ்வளவு ஏற்றம் எங்கே?

குறை வளைவில்தான். இரண்டு சொடுக்குக்கு இடையில் அது நேர்கோடுதான் போடும். பாதை அரைவட்டமாகத் திரும்பி, இரு முனைக்கும் இடையே 40 மீற்றர் என்று வையுங்கள். முனைகளில் மட்டும் சொடுக்கினால் 40. நடப்பதோ ஏறத்தாழ 63. உச்சியில் ஒரு சொடுக்குச் சேர்த்தால் 56 தாண்டும். நடுவில் மூன்று வைத்தால் 61. அதற்குமேல் வைத்துப் பெரிய இலாபமில்லை. நேரான இடத்தில் ஒன்றுமே வேண்டாம். வளைவு தொடங்கும் இடம், முடியும் இடம், நடுவில் மூன்று போதும். நன்றாகப் பெரிதாக்கி, பாதையின் நடுவிலேயே வையுங்கள். கை நடுங்கி இருபுறமும் மாறி மாறி வைத்தால் நீளம் பொய்யாகக் கூடும்.

வயற்காரி:
எனக்கு வயல் எத்தனை ஏக்கர் என்று பார்க்க வேண்டும். இதிலேயே முடியுமா?

குளக்கட்டான்:
வரம்பைச் சுற்றி வந்து முதற்புள்ளியிலேயே சொடுக்குங்கள், அக்கா, பரப்பளவு வரும். இங்கே பாதை விடயம் முடியட்டும்.

துருசடி:
மறுபடி அளந்தேன். தவறிய வளைவுகளில் கோட்டையே பிடித்து இழுத்தேன், புதுப்புள்ளி விழுந்தது. இருந்த புள்ளியைத் தெரியாமல் சொடுக்கியபோது அது அழிந்துபோய் ஒருமுறை ஏமாந்தேன். ஐம்பத்திரண்டு புள்ளிகளில் 1.71 வந்தது.

நம்பாமல், கட்டின் மேலுள்ள துண்டை மட்டும் சைக்கிளில் சரிபார்த்தேன். கம்பியில் துணி கட்டி, சில்லு ஒரு சுற்றுக்கு எவ்வளவு உருள்கிறது என்று மணலில் அளந்தேன்: 2.2 மீற்றர். உருட்டிக்கொண்டு நடந்ததில் 190 சுற்று, அதாவது 418 மீற்றர். வரைபடத்தில் அதே துண்டு 412.

ஆனால் காட்டுக்குள் போகும் பகுதியில் மரம் மூடிப் பாதையே தெரியவில்லை. அங்கே குத்துமதிப்பாகத்தான் சொடுக்கினேன்.

மாங்குளத்தான்:
கைத்தொலைபேசியில் ஜிபிஎஸ் போட்டு நடந்து பாருங்கள்.

குளக்கட்டான்:
அடர்ந்த மரத்தடியில் புள்ளி துள்ளும், அண்ணா. கோடு கோணலாகி நீளம் கூடிவிடும். அங்கேயும் சைக்கிளை உருட்டலாம்.

துருசடி:
மழைக்குப் பிறகு அந்த இடத்தில் சில்லு புதைகிறது. காயட்டும், பார்க்கிறேன்.