பாட்டி "அங்கதான்" என்கிறார், எழுத்தில் ஒன்றும் புரியவில்லை: பழைய கடைவீட்டுப் பேட்டிக்கு உதவி தேவை

தேக்காவாசி

வணக்கம். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவின் பழைய கடைவீடுகளைப் பற்றி, அங்கே வெகுநாள் குடியிருந்தவர்களிடம் நானும் இரண்டு தோழிகளும் பேட்டி எடுத்துவருகிறோம். இதுவரை மூன்று பேரிடம் பேசியாகிவிட்டது. சிக்கல் 78 வயதுப் பாட்டி ஒருவரின் பதிவில். பேசும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தால் வீடே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு துண்டு:

00:21:40
நான்: அந்த வீடு எப்படி இருந்துச்சு, பாட்டி?
பாட்டி: நல்லா இருந்துச்சும்மா. எல்லாரும் ஒண்ணா இருந்தோம். இப்ப மாதிரியா?
நான்: சமையல் எங்க?
பாட்டி: இந்தா, இப்படி வந்தா அங்கதான். அதுக்கு அந்தாண்ட தண்ணி.
நான்: ஓ, சரி சரி.
பாட்டி: முதல் மாடியில நாலு குடும்பம். நடுவுல சுவர்தான். அவங்க வெளக்கு ஏத்துனா எங்க பக்கம் மேல வெளிச்சம் வரும்.

இன்னொரு குழப்பம் ஆண்டு. ஓரிடத்தில் "எழுபதுல வீடு மாறினோம்" என்கிறார். இன்னோர் இடத்தில் "மார்க்கெட் மாறினப்புறம்தான் மாறினோம்" என்கிறார். வேறோர் இடத்தில் "கக்கூஸ் வாளி எடுக்கிறது நின்னப்புறம்" என்கிறார். மூன்றும் ஒத்துவரவில்லை. பாட்டிக்கு மறதியா, என் கேள்வி தவறா? அடுத்த வாரம் மறுபடி பார்க்கச் சம்மதித்திருக்கிறார். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

யீஷூன் ரவி

வாளி விஷயம் சுலபம். மலவாளி எடுக்கும் முறை சிங்கப்பூரில் 1987-இல்தான் முடிந்தது. அப்படியானால் அவர் வீடு மாறியது 1987-க்குப் பிறகு. எழுபது என்பது மறதி, விட்டுவிடுங்கள். அடுத்த முறை பழைய படங்கள் பத்துப் பதினைந்தை எடுத்துப் போய் முதலிலேயே காட்டுங்கள். படத்தைப் பார்த்தாலே பேச்சு கொட்டும்.

ஒலிநாடா

ரவி, 1987 சரி. ஆனால் அது தீவு முழுவதற்கும் கடைசி ஆண்டு. எத்தனையோ தெருக்களுக்கு அதற்கு முன்பே கழிவுநீர்க் குழாய் வந்துவிட்டது. பாட்டி சொல்வது அவர் வீட்டு வாளியை. அது எப்போது நின்றது என்று இந்த ஆண்டை வைத்துச் சொல்ல முடியாது. 1987-க்குப் பிந்தி அல்ல என்று மட்டும் சொல்லலாம். நீங்கள் போட்ட கணக்கு நேர் எதிராகப் போகிறது.

படமும் வேண்டியதுதான், ஆனால் கடைசியில். முதலில் காட்டினால் அவர் தன் வீட்டை விட்டுவிட்டுப் படத்தில் இருக்கும் வீட்டைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். பிறகு எது அவருடைய நினைவு, எது படம் தந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது.

தேக்காவாசி, பாட்டிக்கு மறதி என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். நான் பல வருடமாக ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கி வருகிறேன். உங்கள் துண்டைப் படித்ததும் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். நடுவில் சுவர் என்றால் அடுத்தவர் விளக்கு வெளிச்சம் "மேல" எப்படி வரும்? சுவர் கூரைவரை போகும். தயவுசெய்து அந்த இடத்தை மறுபடி கேளுங்கள். பாட்டி "சுவர்" என்ற சொல்லைத்தான் சொன்னாரா?

தேக்காவாசி

கேட்டேன். இல்லை. "நடுவுல தட்டிதான்" என்கிறார். தட்டி என்றால் இன்றைக்குப் படிப்பவர்களுக்குப் புரியாது என்று நான்தான் சுவர் என்று மாற்றி எழுதியிருக்கிறேன். மனது கஷ்டமாக இருக்கிறது.

ஒலிநாடா

நல்லவேளை, ஒலி கையில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் அந்த மாடி முழுவதும் இருக்கிறது. அந்தக் காலத்தில் கடைவீட்டு மேல்தளத்தைப் பலகைத் தடுப்பு போட்டு அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடுவார்கள். காற்று போவதற்காகத் தடுப்பு கூரைவரை போகாது. அதனால்தான் வெளிச்சமும் இருமலும் சண்டையும் மேலே ஏறி அடுத்த அறைக்கு வரும். சுவர் என்று எழுதியதும் நான்கு குடும்பமும் நான்கு தனி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"முதல் மாடி"யையும் கவனியுங்கள். இங்கே மின்தூக்கியில் தரைத்தளம்தான் 1. பாட்டி சொல்லும் முதல் மாடி ஒருவேளை கடைக்கு மேலே இருக்கும் தளமாக இருக்கலாம். இப்போதைய கணக்கில் அது 2. ஊகித்து எழுத வேண்டாம், "ஏறிப் போகணுமா, அப்படியே நுழையலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

"மார்க்கெட்" அதே மாதிரி. பழைய தேக்கா மார்க்கெட் இப்போது இருக்கும் இடத்தில் இல்லை. சாலைக்கு எதிர்ப்புறம், ஹேஸ்டிங்ஸ் சாலைக்கும் சுங்கை சாலைக்கும் நடுவில் இருந்தது. 1982-இல்தான் இந்தப் பக்கம் வந்தது. பாட்டி 'மார்க்கெட் பக்கம்' என்று சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் எந்த மார்க்கெட் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி பற்றி. "வீடு எப்படி இருந்துச்சு?" என்றால் யாரும் "நல்லா இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். அது வாழ்க்கையைப் பற்றிய பதில். கட்டடம் வேண்டுமென்றால் அவரை நடக்க வையுங்கள். "ராத்திரி வேலை முடிஞ்சு வர்றீங்க. அஞ்சடியில நிக்கிறீங்க. கதவு எந்தப் பக்கம் திறக்கும்? உள்ள காலை வெச்சா தரை எப்படி?" அங்கிருந்து படி, படியிலிருந்து மாடி, மாடியிலிருந்து பின்சந்து. யார் எங்கே படுத்தார்கள், மழை பெய்தால் எங்கே ஒழுகும், குழந்தை அழுதால் யாருக்குக் கேட்கும் என்று கேட்டால் அளவும் தடுப்பும் தானாக வெளியே வரும்.

அவர் கையைக் காட்டியதும் நீங்கள் "ஓ, சரி சரி" என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்குப் புரிந்துவிட்டது, ஒலிக்குப் புரியவில்லை. இனிமேல் கை அசைந்தால் உடனே வாயால் சொல்லுங்கள்: "பின்கதவுப் பக்கம் காட்டுறீங்க, இல்லையா பாட்டி?" அவர் ஆமாம் என்பார், இல்லாவிட்டால் திருத்துவார். இரண்டுமே பதிவாகும்.

நேவல்பேஸ் பையன்

எனக்கும் இதே அனுபவம். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் அப்பா வளர்ந்தார். பேட்டி எடுத்தபோது மேலே மின்விசிறி ஓடி பாதிப் பேச்சு போய்விட்டது. உங்களுக்கும் ஒலிவாங்கிதான் பிரச்சினை என்று நினைக்கிறேன். சட்டையில் மாட்டும் ஒலிவாங்கி வாங்கிவிடுங்கள்.

தேக்காவாசி

அண்ணே, ஒலி தெளிவாகவே இருக்கிறது. சொல்வது எந்த இடம் என்றுதான் புரியவில்லை.

நேவல்பேஸ் பையன்

ஓ, சரிம்மா, தப்பாகப் புரிந்துகொண்டேன். அப்படியானால் ஒன்று சொல்கிறேன். அப்பாவிடம் தாளும் பென்சிலும் கொடுத்து வீட்டை வரையச் சொன்னேன். கை நடுங்கினாலும் அழகாக வரைந்தார். ஆனால் வரையும்போது அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது அப்பா இல்லை. தாளில் பத்துப் பதினோரு கட்டம் இருக்கிறது, எது சமையலறை, எது சித்தப்பா படுத்த இடம் என்று சொல்ல ஆளில்லை. வரையச் சொன்னால் பேசிக்கொண்டே வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எண் போட்டு, எண்ணை வாயாலும் சொல்லுங்கள்.

தமிழாசிரியை

எழுத்தாக்கம் பற்றி எனக்கு வேறு கருத்து. "இருந்துச்சு", "வெளக்கு" என்றெல்லாம் அப்படியே எழுதினால் பள்ளிப் பிள்ளைகளால் படிக்க முடியாது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கண்ணில் படுவதே குறைவு. படுவதாவது நல்ல தமிழாக இருக்கட்டும் என்பது என் விருப்பம். தட்டியை மாற்றியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வினைமுடிவுகளைத் திருத்தினால் எந்தக் கட்டடமும் இடியாது.

ஒலிநாடா

டீச்சர், பொருளின் பெயர்களைத் தொடக்கூடாது என்பதில் நாம் ஒன்றுதான். அஞ்சடி, பின்சந்து, தட்டி, கக்கூஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும். வினைமுடிவு பற்றி நான் வேறு மாதிரி நினைக்கிறேன். பாட்டி "இருந்திருக்கும்" என்றாரா "இருந்துச்சு" என்றாரா என்பதில் அவர் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்பது தெரியும். திருத்த ஆரம்பித்தால் கை இரண்டையும் "இருந்தது" என்று எழுதிவிடும். என் வழக்கம், மூல எழுத்தாக்கம் பேச்சிலேயே இருக்கும், பிள்ளைகளுக்கு வேண்டுமானால் அதிலிருந்து தனியாக ஒன்று எழுதிக்கொள்ளலாம்.

தமிழாசிரியை

இரண்டு முறை எழுத யாருக்கு நேரம்? நடைமுறையில் முதலாவது பெட்டிக்குள் போய்விடும். நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

ஒலிநாடா

நேரம் பிடிக்கும், உண்மை. தமிழும் மலாயும் கலந்த ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கே ஏழெட்டு மணி நேரம் ஆகிறது.

தேக்காவாசி, ஆண்டுக்கு ஒரு வழி. ஆண்டைக் கேட்காதீர்கள், பிள்ளைகளைக் கேளுங்கள். எந்தக் குழந்தை எந்த வீட்டில் பிறந்தது, யார் எங்கிருந்து பள்ளிக்கு நடந்து போனார்கள் என்று. இன்னொன்று, 1986 மார்ச் 15, சனிக்கிழமை. ஓவன் சாலை முனையில் ஹோட்டல் நியூ வோர்ல்டு இடிந்து விழுந்த நாள். அந்த வட்டாரத்துக்காரர் யாரும் அன்றைக்கு எங்கே இருந்தோம் என்பதை மறக்கமாட்டார்கள். விபத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். "அன்னைக்கு எந்த வீட்டில இருந்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

தேக்காவாசி

போய் வந்தேன். நேற்று இரவே எழுதி முடித்தேன்.

00:09:15
நான்: மாடிக்கு ஏறிப் போகணுமா?
பாட்டி: ஆமா, கீழ சீனன் கடை. படி செங்குத்தா இருக்கும். மேலதான் முதல் மாடி.
நான்: சமையல்?
பாட்டி: இந்தா இங்க. [வரைபடத்தில் 5]
நான்: அஞ்சாம் கட்டம். மாடிக்குப் பின்பக்கம், இல்லையா?
பாட்டி: இல்லம்மா, அது கீழ. படிக்குப் பின்னால இறங்கி வரணும். நாலு குடும்பத்துக்கும் ஒரே அடுப்படி. அந்தாண்ட சிமெண்டுத் தொட்டி, அதுக்கும் பின்னால கக்கூசு. அதுக்குச் சந்துப் பக்கம் சின்னக் கதவு இருக்கும், வாளி அது வழியாப் போயிடும்.

நான் மாடி என்று நினைத்துக் கேட்டதை அவரே திருத்திவிட்டார். பழைய முறைப்படி "சரி சரி" என்று சொல்லியிருந்தால் சமையலறையை மாடியில் போட்டிருப்பேன்.

ஆண்டும் பிடிபட்டது. எழுபதில் அவர்கள் மாறியது அதே மாடியில், பின்னறையிலிருந்து ஜன்னல் வைத்த முன்னறைக்கு. தட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு என்பதுதான் பாட்டியின் பேச்சு. அவர் சொன்ன "வீடு" அறை. அடுக்குமாடிக்குப் போனது மார்க்கெட் மாறிய பிறகு. 1977-இல் பிறந்த மகள் தொடக்கநிலை ஒன்றுக்கு முதல்நாள் புது வீட்டிலிருந்துதான் நடந்து போனாள். அது 1984 ஜனவரி. ஹோட்டல் இடிந்த செய்தியைத் தோ பாயோ வீட்டில் வானொலியில் கேட்டிருக்கிறார். ஆக 1982-க்கும் 1984 தொடக்கத்துக்கும் இடையில். வாளி எப்போது நின்றது என்பது அவருக்குத் தெரியவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். தட்டிக்கு அந்தப் பக்கக் குடும்பத்தின் சண்டையைப் பற்றிப் பாட்டி பத்து நிமிடம் பேசியிருக்கிறார், பெயரோடு. எழுத்தைப் படித்த அவர் மகன் அதை எடுத்துவிடச் சொல்கிறார். பாட்டி இருக்கட்டும் என்கிறார்.

ஒலிநாடா

ஒலியை வெட்டாதீர்கள். வெளியே தரும் எழுத்தில் பெயரை மறைத்து, அந்த இடத்தில் நேரக்குறியோடு "பெயர் நீக்கம்" என்று போடுங்கள். சம்மதம் தந்தது பாட்டி, மகன் அல்ல. ஆனால் அந்தக் குடும்பம் சம்மதிக்கவில்லையே.

தமிழாசிரியை

பெயரை எடுத்தாலும் அந்தத் தெருக்காரர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். நான் பத்து நிமிடத்தையும் எடுத்துவிடுவேன்.

தேக்காவாசி

எடுத்தால் தட்டி வழியாக என்னென்ன கேட்டது என்பதும் சேர்ந்து போய்விடுகிறது, டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பாட்டியையும் மகனையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசப் போகிறேன். வரைபடத்தையும் எடுத்துப் போகிறேன், 7-ஆம் கட்டம் என்ன என்று கேட்க மறந்துவிட்டேன்.