புதுப்பிப்பு: ஹட்டன் பேக்கரி ஸ்வாட்

முன்பு இங்கே கேட்டிருந்தோம்: “மாமாவின் பேக்கரிக்கு ஸ்வாட் போட்டாச்சு, அதாவது பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் எல்லாம் எழுதியாச்சு. எதை முதலில் செய்வது?”

வரிசைப்படுத்திவிட்டோம். மா விலையை முதலில் வைக்கச் சொல்லிப் பதில் எழுதிய தம்பி பாதி சரி. பாதிப்பு பெரிதுதான், ஆனால் விலை நம் கையில் இல்லை. அதனால் விலை ஏற்றம் எந்தப் பலவீனத்தை மோசமாக்கும் என்று தேடினோம்: மாலையில் மிஞ்சும் பாண். மா விலை ஏற ஏற அந்த நட்டமும் ஏறும். அதுவே முதலிடம். தினமும் மிச்சத்தை எழுதி, சுடும் அளவைக் குறைக்கிறோம்.

அடுத்தது, போறணை வேலை தெரிந்தவர் ஒருவர்தான். அவர் காய்ச்சலில் படுத்தால் கடையே மூடல். பதுளை அக்கா தன் கடையின் கேக் ஓடர்களைப் பற்றி எழுதியிருந்தார். நல்ல வாய்ப்புதான், ஆனால் அதற்கும் அதே ஒருவர்தான் வேண்டும். எனவே மூன்றாவது.

திரீவீலரில் வரும் பாண்காரரை எங்கே வைப்பது? அதில் எங்களுக்கும் மாமாவுக்கும் இன்னும் சண்டைதான்.