ஃப்ரெண்ட்லி மேட்ச் அழைப்பு மெயில்: உங்களுக்கு எங்கே இடித்தது?

பாலக்கோட்டு கீப்பர்:
கிருஷ்ணகிரி பக்கத்து கிளப் ஒன்றிலிருந்து வந்த மெயில். "ஞாயிறு 9 மணி, 30 ஓவர், ரெட் பால், மதியச் சாப்பாடு உண்டு, செலவு பாதிப் பாதி." அவ்வளவுதான். போனோம், கடைசி ஓவரில் ஜெயித்தோம். கை குலுக்கி முடிப்பதற்குள் அவர்கள் செயலாளர் ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டு வந்து நின்றார். மைதானம் 2,000, பந்து இரண்டு 1,100, அம்பயர்கள் 1,400, சாப்பாடு 3,300. எங்கள் பங்கு 3,900.

சாப்பாடு 33 தட்டு. நாங்கள் போனது 13 பேர். அதுகூடப் பரவாயில்லை, காசு வாங்கிய அம்பயர்களில் ஒருவர் காலையில் அவர்களோடு சேர்ந்து பிட்சில் விரிக்கும் மேட்டுக்கு ஆணி அடித்தவர்! ஜெயித்துவிட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று பேர் வரும் என்று எங்கள் கேப்டன் பேசாமல் ஜிபே பண்ணிவிட்டார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஸ்கோர்புக்:
தர்மபுரியில் எங்கள் கிளப்புக்கு இந்த மெயிலையெல்லாம் நான்தான் எழுதுகிறேன். வில்லங்கமே அந்தப் "பாதிப் பாதி"தான். எதில் பாதி? நாங்கள் இப்படித்தான் அனுப்புவோம்:

"மைதான வாடகையும் மேட்டும் எங்கள் பொறுப்பு, உங்கள் ஊரில் மறு ஆட்டம் நடக்கும்போது அது உங்கள் பொறுப்பு. பந்துவீசும் அணி தன் புதுப் பந்தைக் கொண்டுவரும், இரண்டும் ஒரே கம்பெனி. அம்பயர்கள் இருவரும் இரண்டு கிளப்பையும் சேராதவர்கள். ஆளுக்கு 700, அதில் சரிபாதி உங்களுடையது. சாப்பாடு தலைக்கு 100, அவரவர் தலைக்கு அவரவர். எத்தனை பேர் என்று வெள்ளி மாலைக்குள் சொல்லிவிடுங்கள். மோரும் தண்ணீரும் எங்கள் செலவு."

கீப்பர் தம்பி, இந்தக் கணக்கில் உங்களுக்கு வந்திருக்க வேண்டியது சாப்பாடு 1,300, அம்பயர் 700, ஒரு பந்து 550. மொத்தம் 2,550தான்.

இன்னொரு வரியும் முக்கியம்: மேட்டா, டர்ஃபா? ஓசூரிலிருந்து ஒரு டீம் ஸ்பைக்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது. மேட் கிழிந்துவிடும் என்று கிரவுண்டு பார்ப்பவர் உள்ளேயே விடவில்லை. அவர்களுடைய வேகப்பந்து ஆள் யாரோ கொடுத்த கான்வாஸ் ஷூவில், ஒரு சைஸ் பெரிது, பனி காயாத புல்லில் ஓடிவந்து முதல் பந்திலேயே வழுக்கி அம்பயர் காலடியில் உட்கார்ந்தார். சிரிப்பதா தூக்குவதா என்று யாருக்கும் தெரியவில்லை.

லெக் கட்டர்:
ஃப்ரெண்ட்லிக்கு எதற்கு அம்பயருக்குக் காசு? விதிப்படியே ஹோம் டீம்தான் அம்பயர் போட வேண்டும். எங்கள் ஊரில் பேட்டிங் சைடு ஆள் இருவர் நிற்பார்கள், எல்பிடபிள்யூ கிடையாது, சண்டையும் கிடையாது. பாலக்கோட்டுக்காரர் 1,000 சொச்சத்துக்கு இவ்வளவு அழ வேண்டாம்.

ஸ்கோர்புக்:
விதியில் அப்படி இல்லை, அண்ணா. இரண்டாவது விதி, இரண்டு அம்பயர்கள், பாரபட்சமில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. எந்த டீம் போட வேண்டும் என்று இல்லை. பேட்டிங் சைடு ஆள் நிற்பது நம் வசதிக்காக. அதுவும் சரிதான், ஆனால் எல்பி உண்டா இல்லையா என்பது மெயிலிலேயே இருக்கட்டும். டாஸ் போட்டபிறகு சொன்னால், ஸ்டம்புக்கு நேராகவே போடுகிற பவுலரை வைத்திருக்கும் டீம் பாதி ஆட்டத்தைத் தோற்றுவிட்டது.

லெக் கட்டர்:
சரி, விதி எண் எனக்குத் தெரியாது. ஆனால் ரன் அவுட்டுக்குத் தன் ஆளுக்கே கை தூக்கியவனை நான் பார்த்திருக்கிறேன். அந்த 1,400 அப்போது மிச்சம்தானே?

மாங்கா தோப்பு லெவன்:
என்ட்ரி ஃபீஸ் எவ்வளவு? நாங்கள் டென்னிஸ் பால் டீம், 8 ஓவர் என்றால் வருகிறோம். அப்புறம் சாப்பாட்டைப் பற்றி ஒன்று. தயவுசெய்து பிரியாணி போடாதீர்கள். போன வருஷம் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு ஆட்டத்தில் முதலில் பேட் செய்த டீம் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஃபீல்டிங் வந்தது. தேர்டு மேனில் நின்றவன் பந்து தன்னைத் தாண்டிப் போவதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தயிர் சாதம், ஊறுகாய், ஆளுக்கு ஒரு வாழைப்பழம் போதும். வெயில் காலத்தில் மோரில் உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள், இஞ்சி தட்டிப் போடுங்கள், பச்சை மிளகாய் வேண்டாம். ஐஸ் கட்டியைக் கடையில் வாங்காதீர்கள்.

பாலக்கோட்டு கீப்பர்:
இது டோர்னமெண்ட் இல்லைங்க, என்ட்ரி ஃபீஸ் எல்லாம் கிடையாது. லெக் கட்டர் அண்ணா, அழவில்லை, கேட்கிறேன். மறு ஆட்டத்துக்கு இப்போது நாங்கள் அழைக்க வேண்டிய முறை. ஸ்கோர்புக் அண்ணா எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: சமையல் ஆரம்பித்தபிறகு மழை வந்து ஆட்டம் நின்றால் சாப்பாட்டுக் காசு?

ஸ்கோர்புக்:
காலை 7 மணிக்குள் போனில் சொன்னால் வர வேண்டாம், காசும் வேண்டாம் என்று போட்டுப் பார்த்தோம். ஆனால் சமையல்காரர் 5 மணிக்கே அரிசி ஊற வைத்துவிடுகிறார். எங்கள் கிளப்புக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி.